பைக்கு ரிவெட், ஐலெட், பிரஸ் பட்டன் அடிப்பது: முதலில் தடிப்பை அளந்துகொள்ளுங்கள்

பையில் அடித்த ரிவெட் கழன்று விழுந்தால் அடி போதவில்லை என்று நினைத்து, அடுத்ததை இன்னும் ஓங்கி அடிப்பவர்களே அதிகம். பெரும்பாலும் பிழை அடியில் இல்லை. வாங்கி வந்த ரிவெட்டின் கால், அந்த இடத்தின் தடிப்புக்குப் பொருந்தவில்லை. ரிவெட், ஐலெட், பிரஸ் பட்டன் மூன்றும் பார்வைக்கு வேறு வேறு என்றாலும் பிடிக்கும் விதம் ஒன்றுதான். துணியையோ தோலையோ ஊடறுத்து வரும் ஒரு சிறிய உலோகக் காலின் நுனி, அடிபட்டு விரிந்து மறுபக்கத்துத் துண்டைக் கவ்விக்கொள்கிறது. விரிவதற்கு எவ்வளவு உலோகம் வெளியே மிஞ்சி நிற்கிறது என்பதைப் பொறுத்தே பிடி அமையும். மிச்சம் குறைந்தால் கவ்வாது. கூடினால் கால் உள்ளேயே மடிந்து சாய்ந்துவிடும்.

இதை ஒரு பையை வைத்தே பார்ப்போம். வெளியே கன்வஸ், உள்ளே மருதமுனைக் கைத்தறித் துணி, மேலே தோல் மூடி வைத்த ஒரு தோள்பை. அதன் வார் 38 மில்லிமீட்டர் அகலமுள்ள பருத்தி நாடா. வாரின் இரு முனைகளும் பையிலுள்ள டி வளையங்களுக்குள்ளால் மடிந்து ரிவெட்டால் பூட்டப்படுகின்றன. வாரை நீட்டிக் குறைக்க ஒரு பக்கிள் இருக்கிறது. அதன் முள் நுழையும் துளைகளுக்கு ஐலெட். மூடியைச் சாத்த ஒரு பிரஸ் பட்டன். மூன்று வேலையும் இந்த ஒரு பையிலேயே வந்துவிடுகின்றன.

கடைக்குப் போகுமுன்

வாரின் முனையில் எத்தனை அடுக்கு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். நாடா வளையத்தைச் சுற்றி மடிவதால் இரண்டு அடுக்கு. நாடாவின் தடிப்பு 2 மில்லிமீட்டர் என்றால் அதுவே 4 ஆகிறது. மேலே அழகுக்கும் பலத்துக்குமாக 1.5 மில்லிமீட்டர் தோல் துண்டு ஒன்று வைத்தால் மொத்தம் 5.5. ஆனால் பருத்தி நாடா அமுங்கும். விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு அடிமட்டத்தில் அளந்தால் 5 மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். ரிவெட் அடிபடும்போது நாடா அந்த அமுங்கிய நிலையில்தான் இருக்கும் என்பதால் கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த 5 தான்.

இரண்டு பக்கமும் குமிழ் உள்ள சாதாரண ரிவெட்டுக்கு, அமுங்கிய தடிப்போடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக நமக்கு வேண்டியது 8 மில்லிமீட்டர் கால். கடையில் 6, 8, 10 என்று கிடைக்கும். 6 வாங்கினால் ஒரு மில்லிமீட்டர்தான் வெளியே தெரியும். மேல் குமிழ் அதில் ஏறியது போல இருக்கும், பையில் நாலு புத்தகம் வைத்தவுடன் கழன்றுவிடும். 10 வாங்கினால் மிச்சமுள்ள 5 மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை. அது நாடாவுக்குள் வளைந்து, குமிழ் ஒரு பக்கம் சரிந்து நிற்கும்.

ரிவெட் விற்கும் கடைக்காரர் ஒருவர் ஒரு இளைஞனிடம் சொன்னதை அருகே நின்று கேட்டிருக்கிறேன். "எத்தனையாம் நம்பர் ரிவெட் என்று என்னைக் கேட்டால் நான் எப்படிச் சொல்வது, தம்பி? தோலையும் நாடாவையும் கொண்டு வாருங்கள், வைத்துப் பார்த்துத் தருகிறேன்." அவர் சொன்னதே சரியான வழி. பையில் எந்த அடுக்கு வருகிறதோ அதே அடுக்கில் சிறு வெட்டுத் துண்டுகளை வைத்து, ஒரு துளையும் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அளவு சரிபார்ப்பதற்கும் அதுதான், வீட்டுக்கு வந்து முதல் ரிவெட்டை அடித்துப் பழகுவதற்கும் அதுதான்.

கூடவே ஒரு சிறு காந்தத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழ்கிற நமக்கு இது முக்கியம். பித்தளை நிறத்தில் மின்னுகிற ரிவெட்டில் பல, இரும்பின் மேல் முலாம் பூசியவை. அடிக்கும்போதே அந்த முலாம் விரியும் நுனியில் வெடித்துவிடும். பிறகு உப்புக் காற்றும் மாரி மழையும் பட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும். கன்வஸில் துருக்கறை பிடித்தால் சவர்க்காரத்துக்குப் போகாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலாக இருந்தால் இரும்பு பட்ட இடம் ஈரத்தில் கறுத்தும் போகும். காந்தம் இழுத்தால் உள்ளே இரும்பு. இழுக்காவிட்டால் பெரும்பாலும் பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கும். பித்தளையும் காலப்போக்கில் பச்சை பூக்கும், ஆனால் துடைத்துவிடலாம். பிரஸ் பட்டனின் உள்ளேயிருக்கும் சிறு கம்பி ஸ்பிரிங் மட்டும் உருக்காக இருக்கக்கூடும் என்பதால், பட்டனைச் சோதிக்கும்போது நான்கு துண்டுகளையும் தனித்தனியே காந்தத்தில் காட்டுங்கள்.

அடிக்கும் இடம்

துளை போடுவதற்கு ஒரு தளம், அடிப்பதற்கு வேறொரு தளம். துளையிடும் பஞ்ச் என்பது நுனியில் வட்டக் கத்தி உள்ள உருக்குக் குழாய். அதற்கு அடியில் இரும்போ சீமெந்தோ இருந்தால் முதல் அடியிலேயே வாய் மழுங்கிவிடும். மரக் கட்டையின் வெட்டுமுகமோ தடித்த ரப்பர்த் துண்டோ போதும். ரிவெட் அடிக்கும்போது இதற்கு நேர்மாறு. அடியில் ரப்பரோ மென்மரமோ இருந்தால் அடியின் பலத்தை அது விழுங்கிவிடும்; நாமும் பத்து அடி அடிப்போம், கால் நேராக விரியாமல் சாயும். தடித்த இரும்புத் தகடு ஒன்றைச் சீமெந்துத் தரையில் வைத்து அடியுங்கள். மேசையில்தான் அடிக்க வேண்டும் என்றால் மேசைக் காலுக்கு நேர் மேலே வையுங்கள், நடுவில் வேண்டாம்.

ரிவெட்டோடும் பட்டனோடும் செட்டர் என்ற கோலும், குழிந்த முகமுள்ள சிறு வட்டத் தட்டும் விற்பார்கள். குமிழ் அந்தக் குழிக்குள் உட்கார்ந்தால்தான் தன் வடிவம் கெடாமல் இருக்கும். வெறும் சுத்தியலால் அடித்த ரிவெட் தட்டையாகிப் பிடிக்கத்தான் செய்யும். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும், விளிம்பு சட்டையை உரசும். சுத்தியல் 300 முதல் 500 கிராம் வரை இருந்தால் போதுமானது.

வாரின் முனையில் ரிவெட்

இரண்டு ரிவெட் அடிக்கப் போகிறோம். எங்கே என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். அழகாக இருக்கும் என்று நாடாவின் அகலத்துக்குக் குறுக்கே பக்கம் பக்கமாக இரண்டை வைப்பார்கள். நாடாவைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: பையின் பாரத்தைத் தாங்குவது நெடுகிலும் ஓடுகிற நூல்கள், குறுக்கே ஓடுகிற நூல் அவற்றைச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதற்கு மட்டுமே. குறுக்காக இரண்டு துளை போட்டால் இரண்டு இடத்தில் நெடுநூல் அறுகிறது. நெடுகிலும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால், முதல் துளை அறுத்த அதே நூல்களைத்தான் இரண்டாவதும் சந்திக்கிறது. புதிதாக எதுவும் அறுவதில்லை. ஆகவே நாடாவின் நடுக்கோட்டில், ஒன்றுக்கொன்று 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டையும் வையுங்கள். மேலே வரும் தோல் துண்டின் விளிம்பிலிருந்து துளையின் நடுவுக்கு 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். விளிம்புக்கு நெருங்கினால் தோல் கிழியும்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். தோலுக்கு மட்டும் பஞ்ச் போட்டு, நாடாவில் துளை வெட்டாமல் குத்தூசியால் நூல்களை விலக்கி வழி பண்ணலாம். குத்தூசியை நுழைத்து மெதுவாகச் சுழற்றினால் நூல்கள் ஒதுங்கி, 3 மில்லிமீட்டர் கால் போகும் அளவுக்கு இடம் விடும். ஊசியை எடுத்ததும் வழி மூடத் தொடங்கும் என்பதால் ரிவெட்டைக் கையிலேயே வைத்திருந்து உடனே நுழைக்க வேண்டும். நெருக்கமாக நெய்த தடித்த நாடாவில் இது சிரமம். அங்கே காலின் அளவுக்குச் சரியாக, அதைவிடப் பெரிதாகாமல் ஒரு துளை வெட்டுங்கள். கால் சற்று இறுக்கமாக நுழைய வேண்டும். ஆடினால் துளை பெரிது.

ரிவெட் அடிக்கும் முன்னரே நாடாவைத் தைத்துவிடுங்கள். ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைப்பது வழக்கம். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்தத் தையல்தான். ரிவெட், தையலின் மீது முழு இழுவையும் விழாமல் பார்த்துக்கொள்கிறது. ரிவெட்டை மட்டும் நம்பி விட்ட பருத்தி நாடாவில் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு முட்டை வடிவமாவதைப் பழைய பைகளில் காணலாம். தையல் ஊசி ரிவெட்டில் பட்டு உடையாமல் இருக்கவும் தையலை முதலில் முடிப்பதே நல்லது.

இனி அடிப்பது. காலுள்ள துண்டை வாரின் உள்பக்கமிருந்து நுழைத்து, வெளியே வந்த நுனியில் மேல் குமிழை வைத்து விரலால் அழுத்துங்கள். சொடுக்கென்று ஒரு சிறு ஒலி கேட்கும். குமிழ் தானாகவே நிற்கும். அந்த ஒலி வராவிட்டால் கால் கட்டை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். ஒலி வந்த பிறகும் குமிழுக்கும் தோலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டரைவிடக் கூடுதலாக வெளி தெரிந்தால் கால் நீளம்; இடையில் ஒரு தோல் வாசர் வெட்டி வைத்து அந்த வெளியைக் குறைக்கலாம். கட்டைக் காலை நீட்ட வழியில்லை, நீளக் காலுக்கு இப்படி வழி உண்டு.

கீழ்க் குமிழைக் குழித்தட்டில் வைத்து, மேலே செட்டரைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முதல் அடி மெல்லிய தட்டு. அது குமிழை நேராக உட்கார வைக்கும். எடுத்துப் பார்த்து, சாயவில்லை என்று உறுதியானதும் இரண்டு மூன்று அடி உறுதியாக. அதற்கு மேல் வேண்டியதில்லை. சாய்ந்திருந்தால் முதல் தட்டோடே தெரிந்துவிடும். அப்போது விரலால் நிமிர்த்தலாம். மூன்றாம் அடிக்குப் பிறகு கண்டால் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

சரியாக அமர்ந்ததா என்று அறிய மேல் குமிழை விரலால் திருகிப் பாருங்கள். திரும்பக் கூடாது. விளிம்புக்கு அடியில் நகம் நுழையக் கூடாது. குமிழைச் சுற்றித் தோல் சற்றே அமுங்கிக் குழிந்திருக்க வேண்டும். ஆனால் விளிம்பு தோலை வெட்டியிருந்தால் அடி மிஞ்சிவிட்டது, அந்த இடத்தில் தோல் வட்டமாகக் கிழிந்து வரும்.

துளைகளுக்கு ஐலெட்

தோல் வாரில் பக்கிள் முள்ளுக்கு வெறும் துளையே போதும். பருத்தி நாடாவில் போதாது. முள் தேய்த்துத் தேய்த்து நூலைப் பிய்த்துவிடும். அதற்காகத்தான் ஐலெட். உங்கள் வழக்கமான நீளத்துக்கு நடுத்துளை வருமாறு, 25 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஐந்து துளைகள் வைத்தால் தாராளம். இவையும் நடுக்கோட்டில்தான்.

ஒரே துண்டாக வரும் ஐலெட்டைத் தோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாடாவுக்கும் கன்வஸுக்கும் பின்வாசரோடு வருவதை வாங்க வேண்டும். ஒற்றை ஐலெட்டின் விரிந்த நுனி நூலை மட்டுமே கவ்வும். இழுவையில் நூல் ஒதுங்க, ஐலெட் முழுதாக வெளியே வந்துவிடும். வாசர் இருந்தால் உலோகம் உலோகத்தைக் கவ்வும், நடுவில் துணி சிறைப்படும்.

ஐலெட் குழாயின் வெளி விட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாகத் துளை போட்டு, குத்தூசியின் தடித்த பாகத்தால் விரித்து, குழாயைத் தள்ளி நுழைத்துவிடுங்கள். வெட்டிய விளிம்பில் துணிப் பசை ஒரு துளி தடவிக் காயவிட்டால் நூல் பிரியாது. நைலோன் நாடாவென்றால் சூடாக்கிய ஊசியால் விளிம்பை உருக்கி ஒட்டலாம். பருத்தியில் அதைச் செய்யப் போனால் கருகும்.

குழாய் நுழைந்ததும் நாடாவுக்கு மேலே 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை தெரிய வேண்டும். அதன் மேல் வாசரை வையுங்கள்: புடைத்த பக்கம் உங்களைப் பார்க்க, பல் இருந்தால் பல் துணியைப் பார்க்க. மாற்றி வைத்தால் குழாய் உருளுவதற்குச் சரிவு இல்லாமல் போய், விளிம்பு கூராக நிற்கும். செட்டரின் நுனியைக் குழாய்க்குள் இறக்கி, முன்பு போலவே ஒரு தட்டு, பிறகு சில அடிகள். நுனி வெளிப்புறமாகச் சீராக உருண்டு வாசரில் படிந்திருக்க வேண்டும். பூவிதழ் போல அது பல துண்டாகப் பிளந்திருந்தால் குழாய் நீளமாக இருக்கலாம், செட்டரின் அளவு வேறாக இருக்கலாம், அல்லது அடி கூடியிருக்கலாம். ஒரு சிறு வெடிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இதழ் இதழாகப் பிளந்ததை விட்டுவைக்காதீர்கள். பக்கிள் முள் தினமும் அதில் உரசும், சட்டையும் உரசும்.

மூடிக்கு பிரஸ் பட்டன்

பட்டனில் நான்கு துண்டுகள். மூடியின் வெளிப்புறத்தில் தெரியும் தொப்பி, அதன் கால் வந்து பிடிக்கும் பெண் துண்டு. பையின் பக்கத்தில் மேலே நீட்டி நிற்கும் ஆண் துண்டு, அதைப் பின்னிருந்து பிடிக்கும் அடிக்கால். தொப்பியும் பெண்ணும் ஒரு சோடி, ஆணும் அடிக்காலும் ஒரு சோடி. தோலைத் தொடுமுன் நான்கையும் மேசையில் அடிக்கும் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பெண் துண்டின் வாய் பையை நோக்க வேண்டும், ஆணின் தலை மூடியை நோக்க வேண்டும். தலைகீழாக அடித்த பட்டன் எவ்வளவு நேர்த்தியாக அமர்ந்திருந்தாலும் பூட்டாது.

பைக்கு 24 லைன் என்று கேட்டு வாங்குங்கள். தொப்பி 15 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 40 லைன் சேர்ந்தால் ஒரு அங்குலம் என்பது பட்டன் தொழிலின் கணக்கு. சட்டைக்கு வரும் சிறிய பட்டன்களின் கால் தோலுக்கு எட்டாது.

இங்கேயும் தடிப்புத்தான். 2 மில்லிமீட்டர் தோல் மூடியில் 24 லைன் தொப்பி நன்றாகப் பிடிக்கும். பையின் பக்கத்தில் இருப்பதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கன்வஸ். அதில் மட்டும் ஆண் துண்டை அடித்தால் கால் மிச்சப்பட்டு ஆடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பட்டன் துணியைப் பிடித்து இழுத்துத் துளையைப் பெரிதாக்கும். கன்வஸின் உள்பக்கத்தில் 1.5 மில்லிமீட்டர் தோலை 30 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டி ஒட்டி, அதற்கூடாகத் துளை போடுங்கள். கைத்தறி உள்துணியைத் தைத்து மூடுமுன் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். முடித்தால் அடிக்காலும் தோலும் உள்துணிக்குள் மறைந்துவிடும்.

மூடியின் பட்டனை முதலில் அடியுங்கள். தொப்பியைக் குழித்தட்டில் குப்புற வைத்து, காலில் பெண் துண்டைக் கோத்தால் அதன் நடுவே கால் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை எட்டிப் பார்க்க வேண்டும். செட்டரின் நுனி அந்தக் காலுக்குள் நேராக இறங்கட்டும். இங்கே அடி மிதமாக இருக்க வேண்டும். பெண் துண்டின் உள்ளே ஆணின் கழுத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் இருக்கிறது. காலை விரிக்கும் அளவுக்கு மேல் அடித்தால் அது நசுங்கி, பட்டன் ஒன்று பூட்டாது, அல்லது பூட்டிய பின் திறக்காது. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் தனியாக இருக்கும் ஆண் துண்டைச் சொருகிப் பார்க்கலாம்.

ஆணின் இடத்தைக் குறிப்பதற்குப் பையை நிரப்புங்கள். வெறும் பையை மேசையில் படுக்கவைத்துக் குறித்தால், புத்தகமும் தண்ணீர்ப் போத்தலும் வைத்த அன்று மூடி எட்டாது. வழக்கமாக எவ்வளவு சுமப்பீர்களோ அவ்வளவை வைத்து, மூடியை இயல்பாக விழவிட்டு, பெண் துண்டின் விளிம்பில் சுண்ணக்கட்டியைத் தடவிக் கன்வஸில் அழுத்துங்கள். ஒரு வட்டம் பதியும். அதன் நடுவே ஆணுக்கான துளை.

பட்டன் சாத்தி வைக்க மட்டுமே. நேராக மேலே இழுத்தால் திறப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளை வாரில் போட்டுச் சுமை தூக்கினால், நடுவீதியில் பை கீழே கிடக்கும். வாரைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று விரும்பினால் பட்டனுக்குப் பதில் கொக்கி வையுங்கள்.

கழற்ற நேர்ந்தால்

குமிழின் அடியில் வெட்டுக் குறட்டை நுழைத்து நெம்பினால் தோல் கிழியும். உள்பக்கக் குமிழின் நடுவில் ஆணியால் ஒரு புள்ளி அடித்து, காலின் விட்டத்துக்கு ஏற்ற 3 மில்லிமீட்டர் துரப்பணத்தால் மெதுவாகத் துளையுங்கள். ரிவெட் சேர்ந்து சுழன்றால் மறுபக்கக் குமிழைக் குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். கால் அறுந்ததும் இரண்டு பாதியும் தானே விழும். பட்டனில் விரிந்த நுனியைக் குறட்டால் நாலு பக்கமும் உள்நோக்கி நெரித்தால் போதும், தொப்பி வந்துவிடும்.

பழைய துளை சற்றுப் பெரிதாகியிருக்கும். அதே அளவு ரிவெட்டை அதே துளையில் மீண்டும் அடித்தால் அது ஆடும். உள்ளே ஒரு தோல் துண்டு வைத்து, அதில் மட்டும் 3 மில்லிமீட்டர் துளையைப் புதிதாகப் போட்டு அடியுங்கள். தடிப்பு 1.5 மில்லிமீட்டர் கூடிவிட்டதால் 8 மில்லிமீட்டர் கால் இப்போது கட்டை; 10 வாங்க வேண்டும்.